ஓடுபவரின் மூக்கும் மூன்று காற்றுகளும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏலாவூர் நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலையின் அணுகுசாலையில் அதிகாலை நாலரை மணிக்கு ஓடுபவர்களை இப்போதெல்லாம் காண முடிகிறது. பெரும்பாலும் சிப்காட் வளாகத்தில் பணிபுரிபவர்கள். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் அவர்களில் சிலருக்குப் பயிற்சித் திட்டம் எழுதிக் கொடுப்பதுண்டு. முழங்கால் வலி, குதிகால் வலி பற்றிக் கேட்பவர்களைவிட மூக்கைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். 'ஓடினால் தும்மல் நிற்பதில்லை', 'கண் அரிக்கிறது', 'தொண்டை எரிகிறது' என்பார்கள். மூன்றையும் 'தூசி அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, ஒரே மாத்திரையை விழுங்கிவிட்டு, அது பலன் தரவில்லை என்றதும் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு நண்பரிடமிருந்து. உருக்காலை ஒன்றில் சுழற்சி முறையில் பணியாற்றும் அவருக்கு வயது 38. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21 கிலோமீட்டர் பிரிவில் ஓடப் பெயர் கொடுத்திருந்தார். மூக்கடைப்பால் இரவெல்லாம் உறக்கமில்லாமல், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். பிப்ரவரித் தொடக்கத்தில் என்னிடம் வந்தபோது, 'சார், எங்கள் ஆலைப் புகைதான் காரணம். வேலையை விட்டால்தான் ஓட முடியும்போல' என்றார். புகை காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், புகை அரிப்பை உண்டாக்குவது அபூர்வம். அவருக்கோ கண் அரித்தது. அங்குதான் எனக்கு ஐயம் எழுந்தது.

ஒவ்வாமை என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு செய்யும் பிழை. தீங்கற்ற ஒரு புரதத்தை, அது மகரந்தத்தில் உள்ளதாயினும் பூச்சியின் எச்சத்தில் உள்ளதாயினும், பகைவன் என்று பதிந்துகொள்கிறது. அடுத்த முறை அது மூக்கின் சவ்வைத் தொட்டதும் ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கொட்டுகிறது. தொடர்தும்மல், நீராய் ஒழுகும் சளி, மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். எரிச்சல் வேறு. டீசல் புகையும் உலோகத் துகளும் சாலைப் புழுதியும் யாருடைய தொண்டையையும் புண்ணாக்கும். அதற்கு ஒவ்வாமை தேவையில்லை. அங்கே அரிப்பு இராது. எரிச்சலும் வறட்டு இருமலும் கறுத்த சளியும் இருக்கும். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை முதலாவதற்குப் பயன்படும். இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகமே மெதுவாகத்தான் கண்டறிந்தது. 1819-இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் தம்மை ஆண்டுதோறும் கோடையில் வருத்திய மூக்கு, கண் தொல்லையை விவரித்து எழுதினார். காய்ந்த புல்லின் மணமே காரணம் என்று மக்கள் நம்பியதால் அதற்கு 'வைக்கோல் காய்ச்சல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதற்கு வைக்கோலும் காரணமில்லை, அதில் காய்ச்சலும் இல்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி, தம் மூக்கையே ஆய்வுக்கூடமாக்கி, பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து அவற்றில் ஒட்டிய மகரந்தத் துகள்களை நாள்தோறும் எண்ணினார். பட்டத்தில் கட்டி உயரத்திலும் அனுப்பிப் பார்த்தார். துகள்களின் எண்ணிக்கை கூடும் நாள்களில் தம் தொல்லையும் கூடுவதை 1873-இல் நூலாக வெளியிட்டார். நண்பருக்கு நான் சொன்ன வழியும் ஏறக்குறைய பிளாக்லியின் வழிதான். கண்ணாடித் தகட்டுக்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

சண்டிகரில் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, எந்த மாதத்தில் எந்த மகரந்தம் காற்றில் இருக்கும் என்று அந்நகருக்கு ஒரு நாட்காட்டியே தயாரித்துள்ளனர். திருவள்ளூர் மாவட்டத்து ஓட்டக்காரர் தம் நாட்காட்டியைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நண்பர் ஒவ்வொரு நாளும் மூன்று நேரங்களில் குறிப்பெழுதினார்: விழித்ததும், ஓடத் தொடங்கிய 15-ஆவது நிமிடத்தில், ஓடி முடித்த அரை மணிக்குள். ஒவ்வொரு முறையும் அரிப்பும் தும்மலும் ஒரு கட்டத்தில், எரிச்சலும் இருமலும் இன்னொரு கட்டத்தில், பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். ஓடிய இடம், நேரம், முந்தைய இரவு உறங்கிய இடம் ஆகியவையும் உண்டு. அவருடைய பணிமுறை வாரந்தோறும் மாறுவது ஒரு வகையில் வரமாயிற்று. காலைப் பணி வாரத்தில் நாலரை மணிக்கும், பிற்பகல் பணி வாரத்தில் எட்டு மணிக்கும், இரவுப் பணி வாரத்தில் மாலை ஐந்து மணிக்கும் ஓடுவார். ஒரே மனிதர், அதே இரண்டு பாதைகள், மூன்று வெவ்வேறு நேரங்கள். இதைவிட நல்ல சோதனையை நாம் திட்டமிட்டாலும் அமைத்திருக்க முடியாது.

ஆறு வாரங்களில் நோட்டு பேசத் தொடங்கியது. முதலில் கண்ணில் பட்டது விழித்ததும் வரும் தும்மல். அதிகாலையில் விழித்தாலும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கி மாலையில் விழித்தாலும் எட்டுப் பத்து தும்மல்கள் தவறுவதில்லை. அப்போது அவர் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. சொந்த ஊருக்குச் சென்று தரையில் பாய் விரித்துப் படுத்த நான்கு நாள்களில் மட்டும் அது நின்றுபோயிருந்தது. மெத்தையிலும் தலையணையிலும் நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிலந்திப்பேன்களே இங்கே காரணம். கடலோர ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் உகந்தது. நண்பரிடம் இருந்தது திருமணத்தின்போது வாங்கிய இலவம் பஞ்சு மெத்தை. ஓட்டத்தைக் கெடுத்தவற்றில் ஒன்று ஓட்டப் பாதையிலேயே இல்லை, படுக்கையில் இருந்தது. இரவு முழுவதும் அழற்சியுற்ற மூக்கோடு வெளியே வருபவரை மிகக் குறைந்த மகரந்தமும் வாட்டும்.

இரண்டாவது, ஜி.என்.டி. சாலை. நாலரை மணிக்கு அங்கே ஓடிய நாள்களில் எரிச்சலும் இருமலும் ஏழு, எட்டு என்றிருந்தன, அரிப்பு பூஜ்யம். அதே சாலையில் மாலை ஐந்து மணிக்கு எரிச்சல் மூன்றைத் தாண்டவில்லை. அதிகாலைக் காற்றே தூய்மையானது என்று நாம் வழிவழியாக நம்புகிறோம். வயல்வெளியில் அது சரியாக இருக்கலாம். மார்கழி முதல் மாசி வரை, தொழிற்பேட்டைக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் நடுவில் வாழ்பவர்களுக்கு அது பொருந்தாது. பனிக்காலத்தில் இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. மேலே உள்ள சற்று வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோல் அமர்கிறது. சாலைப் புகை, சூளைப் புகை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே தேங்கி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகே மூடி திறக்கும். மாலையிலோ, வெயிலில் கலங்கிய காற்றும் கடற்காற்றும் சேர்ந்து புகையைக் கலைத்துவிடுகின்றன. கோடையில் கதை மாறும். அப்போது காலையிலும் காற்று ஓரளவு அசையும். மாலை வெக்கையில் நீண்ட தூரம் ஓடுவதோ ஆபத்து. ஆகவே சித்திரை, வைகாசியில் அதிகாலையும், தை, மாசியில் மாலையும் என்பது இப்பகுதிக்குப் பொருத்தமான கணக்கு.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரில் தொடர் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையம் ஒன்று உள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அதன் அளவுகள் கிடைக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, அதில் பெரிதாகத் தெரியும் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு ஓடுவது. அது 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. நேற்று மாலை நல்ல காற்று வீசியிருந்தால், இன்று அதிகாலை புகை மண்டியிருந்தாலும் குறியீடு மிதமாகவே காட்டும். ஓடுபவருக்கு வேண்டியது மணிவாரியான நுண்துகள் அளவு. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஓடப்போகும் மணியில் அளவு அதைத் தாண்டியிருந்தால், அன்றைய வேகப் பயிற்சியை வேறு நேரத்துக்குத் தள்ளிவிடுமாறு நான் சொல்வேன். இது என் நடைமுறை விதி, சட்டமன்று.

வேகப் பயிற்சி என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓய்வில் நாம் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை மூக்கின் வழியே இழுக்கிறோம். மிதமாக ஓடும்போதே அது ஐம்பது அறுபது லிட்டராகும். விரைந்து ஓடினால் நூறையும் கடக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டரை நெருங்கும்போது பெரும்பாலோர் தம்மையறியாமல் வாயாலும் மூச்சு விடத் தொடங்குவர். அத்துடன் மூக்கு என்னும் வடிகட்டி ஓரங்கட்டப்படுகிறது. மகரந்தம் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரோமீட்டர் பருமன் கொண்டது. அது மூக்கிலும் கண்ணிலும் படிந்துவிடும். புகையின் நுண்துகளோ நேரே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், முடிந்தவரை மூக்கால் மூச்சு விட்டு ஓடுவது, காற்று மோசமான நாளில் பயிற்சியைக் கைவிடாமல் இருக்க உதவும் ஒரு வழி.

மூன்றாவது, ஏரிக்கரை. ஊருக்கு மேற்கே நண்பர் ஓடும் மண்பாதையின் இரு மருங்கும் சீமைக் கருவேலம். அங்கே அதிகாலை இருட்டில் அவருக்கு ஒன்றுமில்லை. மாலையில் சிறிது. காலை எட்டு மணிக்கு ஓடிய வாரத்திலோ பத்து நிமிடத்துக்குள் கண் சிவந்து, அரிப்பும் தும்மலும் எட்டு மதிப்பெண்ணைத் தொட்டன. சாலையில் கண்டதற்கு நேரெதிர். பனி உலர்ந்து வெயில் படும்போது மகரந்தப் பைகள் வெடித்து உதிர்வதே இதற்குக் காரணம். சீமைக் கருவேலம் பெரிதும் பூச்சிகளை நம்பும் மரம் என்றாலும் அதன் மகரந்தம் காற்றிலும் கலக்கும். இந்தியாவில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கிய மகரந்தங்களில் அது ஒன்று. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதா இல்லையா என்று அந்த மரத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்டோம். அதன் மஞ்சள் பூங்கொத்துகள் நம் மூக்கை என்ன செய்கின்றன என்பது அந்த வாதங்களில் அதிகம் எழவில்லை. இதில் ஓர் ஆறுதலும் உண்டு. இத்தகைய மகரந்தம் மரத்தருகேதான் மிகுந்திருக்கும். பூக்கும் பருவத்தில் அந்தப் புதரிலிருந்து விலகி, காற்று வரும் திசையிலுள்ள திறந்த கரையில் ஓடினாலே பெரும் வேறுபாடு தெரியும். நண்பர் அவ்வாறே பாதையை மாற்றினார்.

நோட்டைப் பார்த்த காது-மூக்கு-தொண்டை மருத்துவர் தோல் குத்துச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வாமை மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டுச் செல்லாவிட்டால் இச்சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டிவிடும். நண்பர் முதல் முறை அப்படித்தான் திரும்பி வந்தார். இரண்டாம் முறை, சிலந்திப்பேனுக்குப் பெரிய தடிப்பு, சீமைக் கருவேல மகரந்தத்துக்கு அடுத்தது, புற்களுக்கு ஒன்றுமில்லை. நோட்டு சொன்னதையே முன்கை சொல்லிற்று.

பிறகு செய்தவை எளியவை. இலவம் பஞ்சு மெத்தை வீட்டைவிட்டுப் போயிற்று. படுக்கை விரிப்புகள் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கப்பட்டன. வெறும் தண்ணீரில் அலசினால் சிலந்திப்பேன் சாவதில்லை. ஓடிவந்த உடையோடு படுக்கையில் சாய்வது நின்றது. ஓடியபின் உப்புநீரால் மூக்கைக் கழுவினார்: 250 மில்லி லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். மூக்கின் வழியே மூளைக்கு ஏறும் அமீபா பற்றிக் கேரளத்திலிருந்து வரும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை.

மருத்துவர் தந்த முதன்மை மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பான். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதைச் சரியாகப் பயன்படுத்துபவரை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன். நண்பர் முதலில் ஓடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு தலையை அண்ணாந்து அடித்து, பலமாக உறிஞ்சினார். மருந்து தொண்டைக்குள் கசந்து இறங்கியதுதான் மிச்சம். தலையைச் சற்று முன்னே குனிந்து, வலக்கையால் இட மூக்கிலும் இடக்கையால் வல மூக்கிலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் முனை நடுத்தண்டை விட்டு விலகி வெளிப்புறமாக, அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கும். நடுத்தண்டிலேயே தொடர்ந்து அடித்தால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியும். மெல்ல மூச்சிழுத்தால் போதும். முழுப் பலன் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தினமும் அடிக்க வேண்டும். மகரந்தப் பருவம் வருமுன்பே தொடங்குவது இதனால்தான். அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்துகள் வேறு வகை. அவற்றை ஐந்து நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து தீர்ந்ததும் மூக்கு முன்னிலும் மோசமாக அடைத்துக்கொள்ளும்.

மாத்திரைகளிலும் தேர்வு உண்டு. கடையில் சளிக்கென்று கேட்டால் கிடைக்கும் பழைய தலைமுறை மருந்துகள் தூக்கத்தைத் தருபவை; வியர்வையையும் குறைப்பவை. உருக்காலை இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு முதலாவது ஆபத்து. ஏப்ரல் வெயிலில் ஓடுபவருக்கு இரண்டாவது ஆபத்து. ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதியவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அதைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீர்தான் உகந்தது. போட்டிகளில் ஓடும் மாணவர்களுக்கு இன்னொரு சொல்: மூக்குத் தெளிப்பான் ஊக்கமருந்து விதிகளில் அனுமதிக்கப்பட்டது. வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரை போட்டிக்காலத்தில் தடைசெய்யப்பட்டது. சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், சிறுநீரில் மில்லி லிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் தடைக்குள் வரும். உறையைப் படிக்காமல் விழுங்குவது வீண் வம்பு.

'ஓடத் தொடங்கினால் அடைப்பு தானே திறந்துவிடுகிறதே, பிறகென்ன மருந்து?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கண்டது மெய்தான். உடல் உழைக்கும்போது மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வழி திறக்கும். ஆனால் ஒவ்வாமை அதனால் நின்றுவிடுவதில்லை. திறந்த வழியில் மகரந்தம் மேலும் செல்கிறது. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலையாக அடைப்பு வருகிறது. காலை ஓட்டத்தின் விலையைப் பலர் மாலையில் தருவதும், அதை ஆலையின்மேலோ அலுவலகக் குளிர்பதனத்தின்மேலோ சுமத்துவதும் இதனால்தான்.

மூக்கோடு நின்றால் இவை போதும். ஓடி நிறுத்திய ஐந்து, பத்து நிமிடத்தில் இருமலும் இளைப்பும் நெஞ்சிறுக்கமும் உச்சத்துக்குச் சென்று, அரை மணி, ஒரு மணியில் தணிந்தால் அது மூக்கின் வேலையன்று. உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழல் சுருக்கம். இதற்கு நுரையீரல் திறன் சோதனையும், தேவையானால் உறிஞ்சு மருந்தும் வேண்டும். நோட்டும் உப்புநீரும் உதவா. அப்படிப்பட்டவர்கள் இடியோடு மழை வரும் வேளையில் வெளியே ஓடாதிருப்பது நலம். சாதாரண மழை மகரந்தத்தைக் கழுவிவிடும். இடிமழைக்கு முன்வரும் காற்றோ ஈரத்தில் வெடித்த மகரந்தத்தின் நுண்சிதறல்களை நுரையீரலுக்குள்ளேயே கொண்டு சேர்க்கக்கூடும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளை மொய்த்தனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. அவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்று கண்டறியப்பட்டதில்லை. 'மூக்கு அலர்ஜி' மட்டும் இருந்தது.

முகக்கவசம் பற்றியும் கேட்கிறார்கள். என்-95 வகை புகையையும் மகரந்தத்தையும் நன்றாகவே தடுக்கும். ஆனால் வியர்வையில் நனைந்ததும் மூச்சிழுப்பது கடினமாகும், விரைந்து ஓட இயலாது. சாலையைக் கடந்து ஓடுமிடத்துக்கு நடந்து செல்லும்வரை அணிந்து, அங்கே கழற்றுவது நடைமுறைக்கு ஒத்தது. கைக்குட்டை மகரந்தத்தைச் சிறிது தடுக்கும்; புகை நுண்துகளைத் தடுக்காது. கண்ணை ஒட்டி வளைந்த சாதாரணக் கண்ணாடி ஒன்று கண் அரிப்பை நன்கு குறைக்கிறது என்பது நண்பரின் அனுபவம்.

அவருடைய வாரம் இப்போது இப்படி இருக்கிறது. பனிக்காலத்தில் காலைப் பணி வாரங்களில் அதிகாலை ஓட்டம் இல்லை. பணி முடிந்து மாலை ஐந்து மணிக்கே ஓட்டம். ஏரிக்கரை ஓட்டங்கள் பூக்காத மாதங்களுக்கு மட்டும், அல்லது இருட்டு விலகுமுன். நீண்ட ஓட்டம் ஞாயிறன்று, நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளி, பழவேற்காடு பக்கம் கடற்காற்று எதிரே வரும் சாலையில். ஆலைப் பணியை அவர் விடவில்லை. அடுத்த ஜனவரியில் 21 கிலோமீட்டரை இரண்டு மணி பதினாறு நிமிடத்தில் ஓடி முடித்தார். முடித்தபின் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர், நேரத்தைச் சொல்வதற்கு முன் விழித்ததும் வந்த தும்மலின் எண்ணிக்கையைச் சொன்னார்: ஒன்று.